மண்டோர் கை ஓங்கினால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் காலை ஆறு மணிப் பெரட்டு நடப்பதாக வைத்துக்கொள்வோம். நேற்று நிரையில் உதிரிப்பழம் பொறுக்காமல் விட்டதாகச் சொல்லி, மண்டோர் ஒரு தொழிலாளியை முப்பது பேர் பார்க்கக் கன்னத்தில் அறைகிறார். ஒரு மணி நேரம் கழித்து, அதே தோட்டத்தின் இன்னொரு பக்கத்தில் குலை வெட்டுகிறவரின் நீளக் கம்பு கைநழுவி, அதன் முனையில் கட்டிய அரிவாள் கீழே நின்ற கூட்டாளியின் தோளைக் கிழிக்கிறது. இருவரும் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு ஒரே வேனில் போகிறார்கள். அறை வாங்கியவருக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது. மற்றவருக்குப் பத்துப் பன்னிரண்டு தையல்.

வலி யாருக்கு அதிகம் என்று சட்டம் பார்ப்பதில்லை. முதல் சம்பவத்தில் கை வேண்டுமென்றே வந்தது, இரண்டாவதில் நழுவியது. இந்த ஒரு வேறுபாட்டால் என்ன நிரூபிக்க வேண்டும், யார் மேல் வழக்குப் போடலாம், எவ்வளவு கேட்கலாம் என்று எல்லாமே மாறிவிடும். தோட்டத்திலும் டவுனிலும் பலர் இதைக் கவனிக்காமல், ரிப்போர்ட் எழுதும் முதல் நாளிலேயே தங்கள் வழக்கைத் தாங்களே குலைத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் நடத்துவது குற்றவியல் வழக்கு. அதற்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது. அடிபட்டவர் இழப்பீடு கேட்டு ‘சமன்’ போடுவது சிவில் வழக்கு. அது தீங்கியல் சட்டத்தில் வரும். அதற்கு மலேசியாவில் தனி நூல் கிடையாது. 1956 சிவில் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் நடப்பில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்பத்துக்குள் கொண்டுவந்தது. அதனால்தான் பழைய இங்கிலாந்து வழக்குகள் இன்றும் சுங்கை பட்டாணி நீதிமன்றத்தில் பேசப்படுகின்றன.

செய்க: ‘கை வந்ததா, நழுவியதா’ என்று முதலில் தீர்மானியுங்கள்

இதைத் தெளிவாக்கிய வழக்கு 1964இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த லெட்டாங் எதிர் கூப்பர். ஒரு பெண்மணி ஓட்டல் ஒன்றின் கார் நிறுத்தும் இடத்துப் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவர் இருப்பதைப் பார்க்காமல் வந்த கார் அவருடைய கால்மேல் ஏறிவிட்டது. கவனக்குறைவு வழக்குக்கு அங்கே மூன்று ஆண்டு கெடு. அதைத் தவறவிட்ட அவர், ‘இது என் உடல்மேல் நடந்த அத்துமீறல்’ என்று வேறு பெயரில் வழக்குப் போட்டுப் பார்த்தார். டென்னிங் பிரபு ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே செய்தால் அது அத்துமீறல், அப்படி இல்லையென்றால் அது கவனக்குறைவு, பெயரை மாற்றிப் போட்டுக் கெடுவை நீட்ட முடியாது என்றார்.

‘வேண்டுமென்றே’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மண்டோர் செவிப்பறையைக் கிழிக்க நினைத்தாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அறைய நினைத்தாரா என்பது மட்டும்தான் கேள்வி. அறைய நினைத்துவிட்டால், அதிலிருந்து நேராக வந்த காயத்துக்கு, எதிர்பாராத காயமாக இருந்தாலும், அவரே பொறுப்பு. ‘ஒரு தட்டுதான் தட்டினேன், காது போகும் என்று யாருக்குத் தெரியும்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஒருவரைக் குறிவைத்து வீசிய கல் பக்கத்தில் நின்றவர்மேல் விழுந்தாலும் அப்படித்தான்.

அரிவாள் வழக்கில் பாதை வேறு. தோளில் காயம் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. வெட்டியவருக்குக் கூட்டாளிமேல் கவனம் காட்டும் கடமை இருந்தது, நியாயமான தொழிலாளி ஒருவர் செய்திருக்கக்கூடியதை அவர் செய்யவில்லை, அதனால்தான் காயம் வந்தது என்று மூன்று படியும் ஏற வேண்டும். கம்பை நீட்டும் முன் ‘ஒதுங்கு’ என்று குரல் கொடுத்தாரா? அரிவாளைக் கம்போடு கட்டிய கட்டு தளர்ந்திருந்ததா, காலையில் யாராவது அதைச் சோதித்தார்களா? அடிபட்டவரே குலை விழும் வட்டத்துக்குள் நின்றாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், சிவில் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். அறை வாங்கியவரிடம், ‘நீ ஏன் மண்டோர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாய்’ என்று எந்த நீதிபதியும் கேட்கமாட்டார்.

செய்யாதீர்: ‘காயம் இல்லை, அதனால் கேஸ் இல்லை’ என்று விடாதீர்கள்

கவனக்குறைவு வழக்கில் நட்டம் இல்லையென்றால் வழக்கே இல்லை. கம்பு நழுவி உங்கள் பக்கத்தில் விழுந்தது, நீங்கள் ஒரு கீறலும் இல்லாமல் தப்பித்தீர்கள் என்றால் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். கைவைப்பது அப்படி அல்ல. கோபத்தில் ஒருவரை மிக லேசாகத் தொட்டாலும் அது கைவைத்தலே என்று 1704இலேயே கோல் எதிர் டர்னர் வழக்கில் தலைமை நீதிபதி ஹோல்ட் சொல்லிவிட்டார். முகத்தில் துப்புவது, தலையில் கள்ளை ஊற்றுவது, சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குவது எல்லாம் இதில் அடங்கும். தழும்பு தேவையில்லை. தீபாவளி நெரிசலில் தோள் உரசுவது, கூப்பிடுவதற்காகக் கையைத் தட்டுவது போன்றவை அன்றாட வாழ்க்கையில் எல்லாரும் பொறுத்துக்கொள்பவை. அவை இதில் சேரா.

கை படாமலேயே வழக்கு உண்டாகும் இடமும் இருக்கிறது. உடனே அடி விழப்போகிறது என்று ஒருவர் நியாயமாக நினைக்கும்படி நடந்துகொண்டால் அதுவே தனித் தீங்கு. இதற்கு 1830ஆம் ஆண்டின் ஸ்டீபன்ஸ் எதிர் மையர்ஸ் வழக்கைச் சொல்வேன், நம் கோயில் ஆண்டுக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது அப்படியே புரியும். ஒரு திருச்சபைப் பங்கின் கூட்டம். வாதி தலைவர் நாற்காலியில் இருக்கிறார், பிரதிவாதி அதே மேசையில் ஆறேழு பேர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் போட்ட கூச்சலில் அவரை வெளியேற்றுவதென்று பெரும்பான்மையோர் முடிவெடுக்கிறார்கள். ‘நான் போகுமுன் தலைவரை நாற்காலியிலிருந்து இழுத்துப் போடுகிறேன்’ என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு வருகிறார். தலைவருக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் தடுத்துவிடுகிறார். கை படவில்லை, கிட்டக்கூட வரவில்லை. ஆனாலும் வாதி வென்றார். அடிக்கும் நோக்கோடு முன்னேறி வந்தார், தடுக்கப்படாவிட்டால் அடி விழுந்திருக்கும், அதுவே போதும் என்றது நீதிமன்றம். கிடைத்த இழப்பீடு ஒரு ஷில்லிங். வெற்றி வேறு, தொகை வேறு என்பதையும் இந்த வழக்கே காட்டுகிறது.

‘சாயங்காலம் வா, பார்த்துக்கிறேன்’ என்பது இந்த வகையில் சேராது, உடனடி அச்சம் அதில் இல்லை. ‘பெரிய கிராணி மட்டும் இங்கே இல்லாவிட்டால் உன்னை வெட்டியிருப்பேன்’ என்பதும் அப்படியே. இப்போது வெட்டமாட்டேன் என்று சொன்னவரே ஒப்புக்கொள்கிறார். 1669இல் வாள் பிடியில் கைவைத்துக்கொண்டு இதே தோரணையில் பேசிய ஒருவர் அப்படித்தான் தப்பித்தார். இத்தகைய மிரட்டல்களுக்குத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, போலீசிடம் போங்கள். ஆனால் பாராங் கத்தியை ஓங்கிக்கொண்டே அதைச் சொன்னால் கதை வேறு.

பெண் தொழிலாளர்களுக்கு இன்னொரு செய்தி. ஆபாசப் பேச்சு மட்டும், கை படவில்லை, அடிக்க வரவும் இல்லை என்றால் பழைய இரண்டு வகையிலும் அது அடங்காது. 2016இல் முகமட் ரிட்சுவான் எதிர் அஸ்மா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் பாலியல் தொல்லையைத் தனித் தீங்காகவே ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது மொத்தம் 1,20,000 ரிங்கிட்.

செய்க: முதலில் மருத்துவமனை, அன்றே ரிப்போர்ட், சொன்னதையே எழுத வையுங்கள்

மருத்துவரிடம் ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள். வெட்கத்தினாலோ, மண்டோர் கூடவே வேனில் வந்ததினாலோ அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் அதை அப்படியே குறித்துக்கொள்வார். இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீட்டும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் மலாயில் பதிவாகும். நீங்கள் தமிழிலோ உடைந்த மலாயிலோ சொல்வதைக் கேட்டு அவர்கள் தட்டச்சு செய்வார்கள். கையெழுத்துப் போடுமுன் அதை யாராவது படித்துச் சொல்லட்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கை, உள்ளங்கையா முஷ்டியா, அடிக்கு முன் என்ன பேச்சு நடந்தது, பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பவை இருக்க வேண்டும். ‘எனக்கும் மண்டோருக்கும் சண்டை’ என்ற ஒற்றை வரி உங்களுக்கு எதிராகவே போகும். சண்டை என்றால் இரண்டு பக்கமும் கை நீண்டது என்று அர்த்தமாகிவிடும்.

‘தெரியாமல் பட்டது’ என்றோ ‘வேண்டுமென்றே செய்தார்’ என்றோ தீர்ப்பை நீங்களே எழுதாதீர்கள். ‘என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இரண்டடி முன்னால் வந்து வலது கையால் அறைந்தார்’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். அது வேண்டுமென்றே செய்ததா என்பதை நீதிபதி அதிலிருந்தே பார்த்துக்கொள்வார். நோக்கம் உண்மையிலேயே தெளிவில்லாத சம்பவங்களில் வழக்கறிஞர் ‘வேண்டுமென்றே, இல்லாவிட்டால் கவனக்குறைவாக’ என்று இரண்டையும் மாற்றாகச் சேர்த்து வழக்காடலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது.

செய்யாதீர்: போலீஸ் கேஸ் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்

ஆயுதமில்லாத சாதாரண அடிக்குத் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். அரசுத் தரப்பின் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக முழு விசாரணையில் இறங்க முடியாத வகைக் குற்றம் இது. ‘ரிப்போர்ட் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. கூட்டிப் பார்த்தால், போலீஸ் வேண்டுமென்றே தட்டிக்கழித்ததை விடச் சட்டத்தின் அமைப்பே அப்படி இருந்ததுதான் அதிகம்.

சிவில் வழக்குக்குப் போலீஸ் குற்றம் சாட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. நிரூபண அளவும் குறைவு. குற்றவியலில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். சின்னையா அண்ட் சன்ஸ் வழக்கில் 2015இல் கூட்டரசு நீதிமன்றம், மோசடிக் குற்றச்சாட்டுக்கே சிவிலில் இந்த அளவுதான் என்று சொல்லிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் போலீஸ் கேசிலிருந்து உங்களுக்குப் பெரிதும் பயன்படும். மண்டோர் மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், அந்தப் பதிவின் சான்றளித்த நகலை வாங்கி வையுங்கள். அது அவருடைய ஒப்புதலாகச் சிவில் நீதிமன்றத்தில் நிற்கும். மறுத்து வாதாடித் தண்டனை பெற்றவரின் தீர்ப்புக்கு அந்த வலிமை இல்லை. சிவில் வழக்கில் அடியை நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

காலக் கெடுவைப் பொறுத்தவரை, அடித்தாலும் நழுவினாலும் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு. 1953 காலவரம்புச் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது, அதனால் லெட்டாங் அம்மையார் செய்த தந்திரம் இங்கே தேவைப்படாது. ஆனால் அடித்தவர் போலீஸ்காரர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்ற அரசு ஊழியராக, தன் பணியின்போது செய்ததாக இருந்தால் கெடு 36 மாதம் மட்டும். ஆறு ஆண்டு இருக்கிறது என்று நினைத்து நான்காம் ஆண்டில் வழக்கறிஞரிடம் போனால், அவர் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செய்க: சொக்சோ பாரத்தை நிரப்புமுன் இதைப் படியுங்கள்

தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு வகைக்குமான வேறுபாடு மிகக் கூர்மையாக வெட்டும் இடம் இதுதான். 1969 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, வேலை விபத்தில் காயப்பட்ட காப்புறுதித் தொழிலாளி தன் முதலாளிமீதோ அதே முதலாளியின் இன்னொரு ஊழியர்மீதோ இழப்பீட்டு வழக்குப் போடக்கூடாது என்கிறது. அதற்குப் பதிலாகச் சொக்சோ மருத்துவச் செலவையும், தற்காலிக, நிரந்தர முடத்துக்கான தொகையையும் கொடுக்கும்.

அரிவாள் வழக்கு இந்தத் தடைக்குள் அப்படியே விழுகிறது. வேலை நேரம், வேலை இடம், கூட்டாளியின் கவனக்குறைவு என எல்லாம் பொருந்துகின்றன. தோள் கிழிந்தவர் தோட்டத்தையோ கூட்டாளியையோ கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் தோட்ட நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவித்ததா என்று பார்த்து, மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து, பாரத்தை ஒழுங்காக முடிப்பதுதான். இதை யாரும் சொல்லாததால் சிலர் வழக்கறிஞருக்குப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் தடையில் முட்டித் திரும்புகிறார்கள்.

மண்டோர் அறைந்ததை ‘வேலை விபத்து’ என்று பாரத்தில் எழுதலாமா? எழுதினால் சொக்சோ பணம் வரக்கூடும். ஆனால் பின்னால் மண்டோர்மேல் வழக்குப் போட்டால், ‘நீங்களே வேலை விபத்து என்று எழுதினீர்களே, 31ஆம் பிரிவு உங்களைத் தடுக்கிறது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். அறை வேலையின் காரணமாக வந்ததா, சொந்தப் பகையினால் வந்ததா என்பதில் வாதம் சுற்றும். உதிரிப்பழத்துக்காக அடித்ததற்கும், லயத்தில் நடந்த பழைய தகராறுக்காக அடித்ததற்கும் இங்கே பதில் ஒன்றாக இருக்காது. எனவே பாரத்தில் நடந்ததை உள்ளபடி எழுதுங்கள், ஆனால் கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். செவிப்பறை முழுதாகக் குணமாகி, போனது ஒரு வாரச் சம்பளம்தான் என்றால் சொக்சோவோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனமாக இருக்கலாம். கேட்கும் திறன் குறைந்துவிட்டதென்றால் கணக்கு மாறும்.

செய்க: மண்டோரோடு தோட்டத்தையும் பாருங்கள்

31ஆம் பிரிவு குறுக்கே நிற்காத வழக்குகளில் அடுத்த கேள்வி, பணம் யாரிடம் இருக்கிறது என்பது. மண்டோரின் சம்பளத்தில் இழப்பீடு பெயராது. கம்பெனியைச் சேர்க்க முடியுமா?

ஒரு காலத்தில் முடியாது என்பதே பதிலாக இருந்தது. சிங்கப்பூரில் கெப்பல் பஸ் கம்பெனியின் நடத்துநர் ஒருவர், வயதான பெண் பயணியிடம் தரக்குறைவாக நடந்துகொண்டதைத் தட்டிக்கேட்ட பயணியை, டிக்கெட்டில் துளையிடும் கருவியால் முகத்தில் அடித்துவிட்டார். பயணிக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. 1974இல் பிரிவி கவுன்சில், இது நடத்துநரின் வேலைக்குள் அடங்காத சொந்தக் கோபம் என்று சொல்லிக் கம்பெனியை விட்டுவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. பஸ்ஸில் ஒழுங்கு காக்கும் அதிகாரத்தையும் அந்தக் கருவியையும் கொடுத்தது கம்பெனிதானே!

மலேசியச் சட்டம் இப்போது அங்கிருந்து நகர்ந்துவிட்டது. 2016 டிசம்பரில் பினாங்கில் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் மெய்க்காப்பாளர், தான் காக்க வேண்டியவரையே சுட்டுக் கொன்றுவிட்டு மற்றவர்களையும் சுட்டார். காயமடைந்தவர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். ஜி.எம்.பி. கைசர் வழக்கு என்று அறியப்படும் இதில் 2022இல் கூட்டரசு நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்றது. துப்பாக்கியைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் வேலையில் அமர்த்தியதால் வந்த ஆபத்து அது என்பதே அடிப்படை. செய்தது கொலையாகவே இருந்தாலும் வேலைக்கும் செயலுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தால் முதலாளி தப்பமுடியாது.

பெரட்டில் நிற்கவைத்துக் கண்டிக்கும் அதிகாரத்தை மண்டோருக்குக் கொடுத்தது தோட்டம். அந்தக் கண்டிப்பின் நடுவில் விழுந்த அறையை வேலையோடு இணைத்துக் காட்டுவது கடினமல்ல. அதே மண்டோர் இரவு டவுன் சாப்பாட்டுக் கடையில் அடித்தால் இணைக்க முடியாது. தோட்டத்தை இணைக்க எந்த நெருக்கத்தைக் காட்டுகிறீர்களோ, அதே நெருக்கம் 31ஆம் பிரிவின் பக்கமும் உங்களைத் தள்ளும். இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதால்தான் வழக்கறிஞரை முதலிலேயே பாருங்கள் என்கிறேன்.

செய்யாதீர்: திருப்பி அடிக்காதீர்கள், திட்டியதற்காகவும் அடிக்காதீர்கள்

தற்காப்பு உரிமை உண்டு. விழும் அடியைத் தடுக்கத் தேவையான அளவுக்குத் தள்ளலாம், கையைப் பிடிக்கலாம். அடித்துவிட்டுத் திரும்பி நடப்பவரின் முதுகில் உளியை வீசினால் அது தற்காப்பாகாது, பழிவாங்கல். அப்போது பிரதிவாதி நீங்கள்.

‘அவன் என் பெண்டாட்டியைத் திட்டினான், கை தானாக நீண்டது’ என்ற வாதத்துக்கு 1968ஆம் ஆண்டின் லேன் எதிர் ஹாலோவே பதில் சொல்கிறது. அறுபத்து நான்கு வயது ஓய்வுபெற்ற தோட்டக்காரர், பக்கத்துக் கடைக்காரரின் மனைவியை அசிங்கமாகத் திட்டினார். இருபத்து மூன்று வயதுக் கணவர் கேட்க வந்தார். கிழவரே முதலில் தோளில் குத்தினார். இளைஞர் கண்ணில் விட்ட ஒரு குத்தில் கிழவருக்குப் பெருங்காயம், ஒரு மாதம் மருத்துவமனை. கீழ் நீதிமன்றம் கிழவரின் வாயைக் கணக்கில் எடுத்து 75 பவுன் மட்டும் கொடுத்தது. மேல்முறையீட்டில் அது 300 ஆனது. சீண்டினான் என்பதற்காகக் காயத்துக்கான இழப்பீட்டைக் குறைக்க முடியாது, திருப்பி விழுந்த அடி சீண்டலுக்கு எந்த வகையிலும் பொருந்தாத அளவு கொடூரமானது என்றது நீதிமன்றம்.

லயத்து வாசல்களில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டவை.

செய்யாதீர்: ‘நல்லதுக்குத்தானே அடித்தேன்’ என்று நம்பாதீர்கள்

1940களில் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் உருவான தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது கெடாத் தமிழர் வரலாற்றின் பெருமையான பக்கம். மறியல் ஒன்று, குடித்துவிட்டு வந்தவனை இழுத்து வந்து நாலு தட்டுத் தட்டுவது வேறொன்று. இன்று ஊர்ப் பெரியவரோ இளைஞர் குழுவோ இரண்டாவதைச் செய்தால், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் கைவைத்தலே. நோக்கத்தின் தூய்மை தீங்கியல் சட்டத்தில் எதிர்வாதமாகாது.

பள்ளியில் பிரம்புக்கும் எல்லை இருக்கிறது. 1959 பள்ளி ஒழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மட்டும், ஆண் பிள்ளைகளை மட்டும், உள்ளங்கையிலோ உடைக்கு மேல் பின்புறத்திலோ, லேசான பிரம்பால் அடிக்கலாம். பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக்கூடாது. கன்னத்தில் அறைவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை.

செய்யாதீர்: ஆபீசில் வைத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

சம்பவம் நடந்த வாரத்திலேயே யாராவது சமாதானம் பேச வருவார்கள். மண்டோர் மன்னிப்புக் கேட்பார், 300 ரிங்கிட் நீட்டுவார், ஒரு காகிதம் இருக்கும். அதில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், சிவில் வழக்கு அத்தோடு முடிந்தது. காது ஆறு மாதம் கழித்துக் கேட்காமல் போனாலும் திறக்க முடியாது. சமாதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே தோட்டத்தில் வாழ வேண்டியவர்கள், சமாதானமே பல நேரம் நல்லது. ஆனால் காது மூக்குத் தொண்டை நிபுணரின் முடிவு வரும்வரை பொறுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதி பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்த நாளும் அடி விழும் நிலை இருந்தால் ஒரு வழி உண்டு. வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஏற்காத வன்முறை ஆபத்து தனக்கோ தன்னை நம்பியிருப்பவருக்கோ உடனடியாக நேரும் நிலையில் தொழிலாளி நோட்டீஸ் இல்லாமல் வேலையை விட்டு விலக இடமளிக்கிறது. போகுமுன் காரணத்தை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சொல்லாமல் ஓடிவிட்டார் என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

செய்க: தொகையைக் கணக்கோடு கேளுங்கள்

மருந்துச் செலவு, போக்குவரத்து, போன சம்பளம் ஆகியவற்றுக்கு ரசீது வேண்டும். வலிக்கும் கேட்கும் திறன் இழப்புக்கும் தனித் தொகை. இவை கவனக்குறைவு வழக்கிலும் உண்டு. வேண்டுமென்றே அடித்த வழக்கில் மட்டும் இன்னொன்று கேட்கலாம். முப்பது பேர் முன்னால் அவமானப்படுத்தியதற்குக் கூடுதல் இழப்பீடு. அதனால்தான் பெரட்டில் யார் யார் நின்றார்கள் என்பதை ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னேன். அறையைப் பார்த்த சாட்சிகளே அவமானத்துக்கும் சாட்சி.

ஒரு லட்சம் ரிங்கிட் வரையான கோரிக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு, அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். செவிப்பறை வழக்கு மாஜிஸ்திரேட்டிடமே முடியும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ கேட்டுப் பாருங்கள். போகும்போது மருத்துவமனைக் குறிப்பு, ரிப்போர்ட் நகல், சம்பளச் சீட்டு, சொக்சோ கடிதம் நான்கையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.